பழைய பாஸிடம் எல்ஓஆர் என்னும் பரிந்துரைக் கடிதம் கேட்டேன், ரெஸ்யூமே அனுப்பியும் பதில் இல்லை. வேறு என்ன அனுப்புவது?

வெர்னியர் தம்பி | அக்டோபர் 14, இரவு 10:40

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஷினிங் கம்பெனியில் 2021 ஜூன் முதல் 2024 மார்ச் வரை குவாலிட்டி இன்ஜினியராக இருந்தேன். இப்போது அமெரிக்காவில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் எம்எஸ் படிக்க ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். கல்லூரிப் பேராசிரியர்கள் இரண்டு பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது, எனக்கு மேலே இருந்த குவாலிட்டி மேனேஜர்.

அவரும் அந்தக் கம்பெனியை விட்டு இப்போது ஓசூரில் இருக்கிறார். போன் பண்ணினேன், நன்றாகத்தான் பேசினார். "தாராளமா எழுதறேன்பா, என்ன வேணும்னு அனுப்பு" என்றார். அன்று இரவே ரெஸ்யூமேயை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒன்பது நாள் ஆகிறது. நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. திரும்பக் கேட்கச் சங்கடமாக இருக்கிறது. முதல் கடைசித் தேதி டிசம்பர் 1.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் பீரியட் 60 நாள். நான் 30 நாளில் கிளம்பிவிட்டேன். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். அதுதான் காரணமோ?

பாடி மேம்பாலம் | அக்டோபர் 14, இரவு 11:15

இதுக்கு ஏன் ப்ரோ இவ்வளவு யோசனை? கடிதத்தை நீங்களே எழுதி அனுப்புங்க, அவர் கையெழுத்துப் போட்டு அப்லோட் பண்ணிடுவார். எங்க பேட்ச்சில் எல்லாருமே அப்படித்தான். பாஸுக்கு எழுத நேரம் எங்கே இருக்கு? நான் போனபோது மூன்று கடிதத்தையும் நானே ஒரே ராத்திரியில் எழுதினேன்.

ரிட்டையர்டு பிளான்ட் ஹெட் | அக்டோபர் 15, காலை 6:20

தம்பி, அவர் கோபத்தில் இருந்தால் போனிலேயே "பார்க்கலாம்" என்று இழுத்திருப்பார். தாராளமாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார் என்றால், உட்கார்ந்து பார்த்து எழுத வரவில்லை என்று அர்த்தம். இருபது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

எங்களுக்கு எங்கே நிற்கும் என்றால், இரண்டாவது பத்தியில் நிற்கும். "இவர் என் கீழ் இத்தனை வருஷம் வேலை செய்தார்" என்ற முதல் பத்தி தானாக வரும். "மேற்படிப்புக்கு இவரை மனதாரப் பரிந்துரைக்கிறேன்" என்ற கடைசிப் பத்தியும் வரும். நடுவில் இவன் என்ன செய்தான், நான் எதைப் பார்த்தேன் என்று எழுத வேண்டும். ஒன்றரை வருஷம் முன்னால் கிளம்பிப் போனவனைப் பற்றி நினைவில் இருப்பதெல்லாம் "நல்ல பையன், சொன்னதைச் செய்வான்" என்பதுதான். அதை வைத்து ஒரு பக்கம் எப்படி நிரப்புவது? மூடி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்று நினைப்போம். அந்த ஞாயிறு வராது.

ரெஸ்யூமே இதற்கு உதவாது. அதில் நீ செய்தது எல்லாம் இருக்கிறது, நான் பார்த்தது எது என்று இல்லை.

மேம்பாலத்துக்கு ஒரு வார்த்தை. நேரம் இல்லை என்பது நிஜம். ஆனால் மூன்று கடிதத்தையும் ஒரே ஆள் எழுதினால் மூன்றும் ஒரே குரலில் இருக்கும். படிக்கிறவர்கள் தினமும் இதைத்தான் படிக்கிறார்கள். தவிர, விண்ணப்பதாரர் எழுதின கடிதம் கூடாது என்று பல பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே போட்டிருக்கின்றன.

டொரண்டோ பயணி | அக்டோபர் 15, காலை 9:05

நண்பரே, லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், வேலைப் பொறுப்புகள் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் ரிஜெக்ட் ஆக வாய்ப்பு. என் பழைய கம்பெனி ஹெச்ஆர் சம்பளத்தைப் போட மாட்டேன் என்கிறார்கள். யாருக்காவது இப்படி ஆனதா?

சிவகாமி மொகப்பேர் | அக்டோபர் 15, காலை 9:50

டொரண்டோ, நீங்கள் சொல்வது கனடா குடியேற்றத்துக்கான வேலை அனுபவக் கடிதம். அதில் இத்தனை நாள் இந்த வேலை செய்தார் என்று நிரூபித்தால் போதும், திறமைசாலியா என்று யாரும் கேட்பதில்லை. இவர் கேட்பது நேர் எதிர். இவருடைய கடிதத்தில் சம்பளம் எழுதினால் அசிங்கமாக இருக்கும்.

வெர்னியர், நான் 2019-இல் எம்எஸ் முடித்தேன். என் பாஸ் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நீ என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியும்மா, எந்த மாசம் பண்ணினேன்னுதான் தெரியல." நான் ஒரே ஒரு பக்கம் அனுப்பினேன், இரண்டு நாளில் எழுதிக் கொடுத்தார்.

வெர்னியர் தம்பி | அக்டோபர் 15, இரவு 9:30

நன்றி. நோட்டீஸ் விஷயம் இல்லை என்றதும் பாதி பாரம் இறங்கியது. ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன், அதன் முக்கியமான பகுதி இது:

"ரிஜெக்ஷனை 6 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைத்தேன். குழுவை வழிநடத்தினேன். தொடர் முன்னேற்றத்தில் ஆர்வம் கொண்டவன். அழுத்தமான சூழலிலும் நிதானமாகச் செயல்படுபவன்."

சரியா?

ரிட்டையர்டு பிளான்ட் ஹெட் | அக்டோபர் 16, காலை 6:10

இல்லை. கோபித்துக்கொள்ளாதே, ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.

ரிஜெக்ஷனை நீ குறைத்தாயா, டூலிங் ஆட்களும் புரொடக்ஷனும் சேர்ந்து குறைத்தார்களா? உன் சாருக்கு அது தெரியும். உன் பேரில் முழுசாகப் போட்டிருப்பதைப் பார்த்தால் மறுக்கவும் மாட்டார், எழுதவும் மாட்டார். அந்த வரியை நாசூக்காக விட்டுவிடுவார். உன் பங்கு கால்வாசி என்றால் கால்வாசியைச் சொல். அதை அவர் தைரியமாக எழுதுவார்.

"நிதானமாகச் செயல்படுபவன்" என்பது அவர் வாயிலிருந்து வர வேண்டிய தீர்ப்பு. நீ நடந்ததைச் சொல்.

அவர் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு நாள் சொல், பார்ப்போம். பெரிய சாதனையாக இருக்க வேண்டாம். அவர் உன்னோடு ஒத்துப்போகாத ஒரு நாள் என்றால் இன்னும் நல்லது.

வெர்னியர் தம்பி | அக்டோபர் 16, மதியம் 1:25

ஒன்று இருக்கிறது. மிக்ஜாம் புயல்.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. எஸ்டேட்டில் தண்ணீர் ஏறி எங்கள் ஷாப் ஃப்ளோருக்கும் வந்துவிட்டது. அளவுக் கருவிகள் வைக்கும் கேஜ் ரூம் தரைத்தளத்தில் இருந்தது. வியாழக்கிழமைதான் உள்ளே போக முடிந்தது. கீழ் இரண்டு தட்டும் மூழ்கி, சேறு படிந்திருந்தது. கரண்ட் இல்லை.

அளவு சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்க எல்லாவற்றையும் காலிப்ரேஷன் லேபுக்கு அனுப்பச் சொன்னார் சார். மொத்தம் 146 அளவுக் கருவிகள். நான் லேபுக்குப் போன் பண்ணினேன். எஸ்டேட் முழுக்க எல்லாரும் அனுப்புவதால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை கஸ்டமருக்குச் சரக்கு அனுப்ப முடியாது. அதனால் கருவிகளை மூன்றாகப் பிரித்தேன். தண்ணீரில் மூழ்கியது 58. மூழ்காமல் ஈரக்காற்றில் இருந்தது ஒரு பகுதி. மேல் தட்டில் காய்ந்தபடியே இருந்தது மிச்சம். நல்ல வேளையாக, துல்லிய அளவுக் கட்டைகளான ஸ்லிப் கேஜ் பெட்டி மேல் தட்டில் இருந்தது. அதை வைத்து மூழ்காத மைக்ரோமீட்டர்களையெல்லாம் அங்கேயே சரிபார்த்தேன். மூழ்கிய 58-இல், உடனே போக வேண்டிய இரண்டு பார்ட்டுக்குத் தேவையானவை 11தான். அந்தப் பதினொன்றை மட்டும் முதலில் என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேபுக்கு நானே பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சார் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆடிட்டில் கேள்வி வரும் என்றார். பட்டியலைப் பேப்பரில் எழுதிக் காட்டிய பிறகு கையெழுத்துப் போட்டார். 13ஆம் தேதி முதல் லாரி கிளம்பியது.

ரிட்டையர்டு பிளான்ட் ஹெட் | அக்டோபர் 16, மதியம் 2:00

இதை வைத்துக்கொண்டு "அழுத்தமான சூழலிலும் நிதானம்" என்று எழுதியிருக்கிறாயே, உன்னை என்ன சொல்ல.

நீ சேரப் போகிற படிப்பு என்ன? குறைந்த வசதியை எதற்கு முதலில் ஒதுக்குவது என்பதுதானே அதில் பாதி. நீ அதைச் சேற்றில் நின்று செய்திருக்கிறாய். உன் சார் இந்தச் சம்பவத்தைப் படித்ததும் அந்த நாற்றம் உட்பட அவருக்கு ஞாபகம் வரும். கையெழுத்துப் போட்டவரே அவர்தான், தேதியை மட்டும் நீ கொடு.

அளவுமானி | அக்டோபர் 16, மாலை 4:45

காலிப்ரேஷன் லேபில் இருக்கிறேன். அந்த டிசம்பரில் எங்கள் வாசலில் கேஜ் பெட்டிகள் வரிசையில் நின்றன, மூன்று வாரம் என்பது மிகையில்லை. ஒரு சந்தேகம். மூழ்கிய 58-இல் ஒன்றும் தவறவில்லையா? எல்லா இடத்திலும் ஒன்றாவது தவறும்.

வெர்னியர் தம்பி | அக்டோபர் 16, இரவு 8:10

தவறியது. துளையின் மரையைச் சரிபார்க்கும் ஒரு திரெட் பிளக் கேஜ் வெண்டர் இடத்தில் இருந்தது. அங்கேயும் தண்ணீர் வந்ததை நான் யோசிக்கவில்லை, பட்டியலில் அது இல்லை. ஜனவரியில் எனக்கே தெரிந்து, நானே சாரிடம் போய்ச் சொன்னேன். அந்த கேஜால் பார்த்த பார்ட்டுகளை மறுபடி செக் பண்ணினோம், எல்லாம் சரியாக இருந்தது. இதையும் எழுதவா? பயமாக இருக்கிறது.

ரிட்டையர்டு பிளான்ட் ஹெட் | அக்டோபர் 16, இரவு 8:35

எழுது. தன் தவறைத் தானே வந்து சொன்னவன் என்று ஒரு மேனேஜர் எழுதினால் கடிதம் முழுவதையும் நம்புவார்கள். பல பல்கலைக்கழகங்களின் படிவத்தில் நேர்மை பற்றித் தனிக் கேள்வியே இருக்கும்.

சிவகாமி மொகப்பேர் | அக்டோபர் 16, இரவு 9:20

ஐயா, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. எழுதுகிறவர் கை தேர்ந்தவர் என்றால் அழகாக வரும். இல்லையென்றால் "ஒருமுறை ஒரு கேஜைத் தவறவிட்டார்" என்று மொட்டையாக ஒரு வரி நிற்கும். படிக்கிறவருக்கு அது மட்டும்தான் மனதில் தங்கும். அவர் எப்படி எழுதுவார் என்று தெரியாமல் நாமே எடுத்துக் கொடுக்கலாமா?

ரிட்டையர்டு பிளான்ட் ஹெட் | அக்டோபர் 16, இரவு 9:40

அதுவும் நியாயம்தான். ஆனாலும் நான் கொடுப்பேன். தம்பி, உன் சார் எழுதின மெயில்களை ஞாபகப்படுத்திப் பார்த்து நீயே முடிவு பண்ணு.

பாடி மேம்பாலம் | அக்டோபர் 17, காலை 10:30

சரி, நானே எழுதுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா இவ்வளவு விவரம் கொடுத்தா அதுவே கடிதம் எழுதின மாதிரிதானே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு விஷயம், ஜிமெயில் ஐடி கொடுத்தா எந்த யுனிவர்சிட்டியும் ஏத்துக்காது. ஆபீஸ் மெயில்தான் வேணும்.

சிவகாமி மொகப்பேர் | அக்டோபர் 17, காலை 11:15

ஜிமெயில் பற்றி: ஏற்றுக்கொள்ளவே மாட்டார்கள் என்பது சரியில்லை. சில இடங்களில் அலுவலக முகவரிதான் வேண்டும் என்று கேட்கிறார்கள், பல இடங்களில் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் ஜிமெயில் என்றால் சந்தேகம் எழும், சரிபார்க்கவும் செய்வார்கள். இவர் சாருக்கு ஓசூர் கம்பெனி மெயில் இருக்கிறதே, அதையே கொடுக்கலாம். இப்போதைய பதவியைப் போட்டுவிட்டு, "2021 முதல் 2024 வரை முந்தைய நிறுவனத்தில் இவர் என்னிடம் நேரடியாக வேலை செய்தார்" என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தால் குழப்பம் வராது. பழைய கம்பெனி லெட்டர்ஹெட்டை மட்டும் எங்கிருந்தும் தேடி எடுக்க வேண்டாம். அவர் இப்போது அங்கே இல்லை, அதைப் பயன்படுத்த உரிமையும் இல்லை. புதுக் கம்பெனியின் லெட்டர்ஹெட்டுக்கு அங்கே அனுமதி வேண்டியிருக்கலாம். வெள்ளைத் தாளில் பெயர், பதவி, தொலைபேசி எண் போட்டு எழுதினாலும் போதும்.

விவரத்துக்கும் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஐயா சொல்லட்டும்.

ரிட்டையர்டு பிளான்ட் ஹெட் | அக்டோபர் 17, மதியம் 12:30

மேம்பாலம் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். என் வழி இதுதான். விவரத்தை முழு வாக்கியமாக எழுதாதே, துண்டு துண்டாக எழுது. "டிச. 7 உள்ளே போனோம். 146 கருவி. 58 மூழ்கியது. 11 முதலில்" என்று இருந்தால் அதை யாராலும் அப்படியே ஒட்ட முடியாது, உட்கார்ந்து தன் பாஷையில்தான் எழுதியாக வேண்டும். வழவழ என்று அழகாக எழுதிக் கொடுத்தால் சோம்பேறித்தனத்தில் அப்படியே வெட்டி ஒட்டுவோம், நானும் செய்திருக்கிறேன். அப்புறம் ஏன் இந்தப் படிப்பு என்று நீ எழுதும் எஸ்ஓபியிலும் அதே வாக்கியம், கடிதத்திலும் அதே வாக்கியம். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிற ஆளுக்கு வேறு சாட்சி வேண்டுமா?

பெருமைச் சொல்லை மொத்தமாக அவரிடம் விட்டுவிடு. உண்மை உன் பக்கம், அபிப்பிராயம் அவர் பக்கம்.

அளவுமானி | அக்டோபர் 17, மதியம் 1:10

ஒரு சின்ன விஷயம். கஸ்டமர் பெயர், பார்ட் நம்பர் எதுவும் அந்தப் பக்கத்தில் வேண்டாம். வேலைக்குச் சேரும்போது ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். "ஒரு இருசக்கர வாகன நிறுவனத்துக்குப் போகும் பார்ட்" என்றால் போதும். பெயர் இருந்தால் சாரும் எழுதத் தயங்குவார்.

வெர்னியர் தம்பி | அக்டோபர் 18, இரவு 10:05

திருத்தி எழுதினேன். மெயில் ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் போடுகிறேன்.

"வணக்கம் சார். போன வாரம் பேசியபோது எழுதித் தருகிறேன் என்று சொன்னீர்கள், நன்றி. நான் வெறும் ரெஸ்யூமேயை அனுப்பிவிட்டேன், அதை வைத்து எழுதுவது கஷ்டம் என்று பிறகுதான் உறைத்தது. தேவையான விவரம் கீழே.

படிப்பு: இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் எம்எஸ், 2026 ஆகஸ்ட். ஐந்து பல்கலைக்கழகம்.

உங்களிடம் இருந்த காலம்: 2021 ஜூன் 14 முதல் 2024 மார்ச் 8. முதல் எட்டு மாதம் இன்கமிங், பிறகு கேஜ் ரூமும் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனும்.

மிக்ஜாம்: டிச. 4 தண்ணீர், 7 உள்ளே போனோம். மொத்தம் 146, மூழ்கியது 58. நீங்கள் எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னீர்கள், நான் 11 முதலில் என்றேன். பட்டியல் பார்த்து 8ஆம் தேதி கையெழுத்திட்டீர்கள். 13 முதல் டெஸ்பாட்ச். வெண்டரிடம் இருந்த திரெட் கேஜ் ஒன்றை விட்டேன், ஜனவரியில் வந்து சொன்னேன்.

ரிஜெக்ஷன் வேலை: என் பங்கு, ஆறு மாத டேட்டாவை ஷிப்ட் வாரியாகப் பிரித்து, இரவு ஷிப்டில் ஃபிக்ஸ்சர் கிளாம்ப் தளர்வதைக் காட்டியது. ஃபிக்ஸ்சரை மாற்றியது டூலிங்.

மற்ற இரண்டு கடிதங்கள்: புள்ளியியல் பாடம் எடுத்த பேராசிரியர், புராஜெக்ட் கைடு. அவர்கள் படிப்பைச் சொல்வார்கள். ஷாப் ஃப்ளோரில் எப்படி என்பதை நீங்கள் மட்டும்தான் சொல்ல முடியும்.

எழுத முடியாத சூழ்நிலை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள் சார், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்."

ரிட்டையர்டு பிளான்ட் ஹெட் | அக்டோபர் 19, காலை 6:30

இது வந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். மற்ற இருவர் எதைச் சொல்வார்கள் என்று போட்டது நல்லது. எங்களுக்கு அதுதான் பெரிய நிம்மதி, உன் மார்க்கைப் பற்றி நான் எதுவும் எழுத வேண்டாம் என்று தெரிந்துவிடுகிறது.

கடைசித் தேதி எங்கே? அது இல்லாமல் அனுப்பாதே. நிஜத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு தேதியைச் சொல். அவர் சபரிமலைக்குப் போகிற ஆளா? கார்த்திகை, மார்கழியில் பாதிப் பேரைப் பிடிக்க முடியாது.

நோட்டீஸ் பீரியட் பற்றி மெயிலில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனித்தேன். மனதில் உறுத்தினால் போனில் சொல். எழுத்தில் வேண்டாம் என்பது என் கருத்து, மற்றவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

அளவுமானி | அக்டோபர் 19, காலை 9:00

நான் வேறு மாதிரிதான் நினைக்கிறேன். "அப்போது பாதியில் கிளம்பியதற்கு வருத்தம் சார்" என்று ஒரு வரி முதலில் இருந்தால் அவர் மனசு லேசாகும்.

சிவகாமி மொகப்பேர் | அக்டோபர் 19, காலை 10:20

போர்ட்டல் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. முதல் முறை செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

விண்ணப்பத்தில் சாருடைய பெயர், பதவி, மெயில் முகவரியைப் போட்டதும், அவருக்கு அந்தப் பல்கலையின் போர்ட்டலிலிருந்து தானாக ஒரு லிங்க் போகும். ஐந்து பல்கலை என்றால் ஐந்து முகவரியிலிருந்து ஐந்து மெயில். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஒன்றை முடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார், மிச்சம் நான்கும் ஒரே மெயில் திரும்பத் திரும்ப வருகிறது என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் ஆனது.

உள்ளே போனால் கடிதத்தை பிடிஎஃப்பாக ஏற்றுவது மட்டுமில்லை. பல இடங்களில் ஒரு கட்டம் இருக்கும். எழுத்துத் திறன், முன்முயற்சி, குழுவாக வேலை செய்வது என்று வரிசையாகக் கேட்டு, அவருக்குத் தெரிந்தவர்களில் நீங்கள் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா என்று டிக் செய்யச் சொல்லும். தெரியாததற்குக் கருத்துச் சொல்ல இயலாது என்றும் ஒரு பெட்டி பெரும்பாலும் இருக்கும். ஆராய்ச்சித் திறன் பற்றி உங்கள் சாருக்குத் தெரியாது, அங்கே அந்தப் பெட்டியை டிக் செய்தால் தப்பில்லை என்று தெரியாமலேயே பலர் நடுவில் ஒரு மார்க்கைப் போட்டுவிடுகிறார்கள்.

உங்கள் பக்கம் ஒரு கேள்வி வரும். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று. 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, அங்கே சேர்ந்த பிறகு மாணவர் தன் கோப்பைப் பார்க்கலாம். விட்டுக்கொடுப்பது கட்டாயமில்லை. ஆனால் பெரும்பாலோர் விட்டுக்கொடுக்கிறார்கள், அப்போதுதான் எழுதியவர் மனம் திறந்து எழுதியிருப்பார் என்று படிக்கிறவர் நம்புவார்.

பாடி மேம்பாலம் | அக்டோபர் 19, காலை 11:00

அக்கா, ஒரு சந்தேகம். சார் சொன்னா நாமே அவர் லிங்க்கில் போய் அப்லோட் பண்ணலாமா? அவருக்கு கம்ப்யூட்டர் அலர்ஜின்னா?

சிவகாமி மொகப்பேர் | அக்டோபர் 19, காலை 11:25

வேண்டவே வேண்டாம். அவர் பெயரில் நீங்கள் உள்ளே நுழைவது மோசடிதான். மாட்டவும் வழி இருக்கிறது. பிடிஎஃப்பின் பிராப்பர்ட்டீஸில் யார் கம்ப்யூட்டரில் உருவானது என்ற பெயர் நிற்கலாம், எங்கிருந்து ஏற்றப்பட்டது என்பது போர்ட்டலில் பதிவாகலாம். சேர்ந்த பிறகு தெரியவந்தால் சேர்க்கையையே ரத்து செய்ய முடியும்.

டொரண்டோ பயணி | அக்டோபர் 19, மதியம் 3:40

ஹெச்ஆர் சம்பளம் போட மாட்டேன் என்றால் என் பழைய மேலாளரே கையெழுத்திட்டுத் தரலாமா? அதைத்தான் கேட்டேன்.

ரிட்டையர்டு பிளான்ட் ஹெட் | அக்டோபர் 19, மாலை 5:15

கம்பெனி லெட்டர்ஹெட்டில் என்றால் அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. இது வேறு கதை, தனி இழை போடுங்கள், தெரிந்தவர்கள் வருவார்கள்.

வெர்னியர் தம்பி | அக்டோபர் 24, இரவு 9:00

தேதிகளைச் சேர்த்து அனுப்பினேன். நிஜத்தில் டிசம்பர் 1, 15, 15, ஜனவரி 5, 15. சாருக்குச் சொன்னது நவம்பர் 20-க்குள் ஐந்தும். நோட்டீஸ் விஷயத்தை மெயிலில் எழுதவில்லை, போனிலும் சொல்லவில்லை, வாய் வரவில்லை. திரெட் கேஜை விடவில்லை, அப்படியே வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே பதில் வந்தது. நான் யோசிக்கவே யோசிக்காத ஒன்றைக் கேட்டிருந்தார்: "அப்போ என் கீழே எத்தனை இன்ஜினியர்? ஆறா, ஏழா? போர்ட்டல்ல கேக்கறான்." டிப்ளமோ டிரெய்னியோடு சேர்த்து ஏழு என்று சொன்னேன். "அந்த லிஸ்ட் இன்னும் என் டைரில இருக்குப்பா" என்று ஒரு வரியும் எழுதியிருந்தார்.

ரிட்டையர்டு பிளான்ட் ஹெட் | அக்டோபர் 25, காலை 6:15

ஏழு பேரில் ஒருவனை முதல் 5 சதவீதம் என்று எப்படி டிக் செய்வது என்று அவர் யோசித்திருப்பார். நானும் அந்த இடத்தில் கணக்குப் போட்டவன். நான் என் மொத்த சர்வீஸிலும் பார்த்த இன்ஜினியர்களோடு ஒப்பிட்டுவிடுவேன், கடிதத்திலும் அதை ஒரு வரி சொல்லிவிடுவேன். அதை அவரிடம் நீ போய்ச் சொல்லாதே.

வெர்னியர் தம்பி | நவம்பர் 22, இரவு 10:30

நான்கு ஏறிவிட்டது. ஐந்தாவதுக்கு லிங்க்கே வரவில்லை என்கிறார். ஸ்பாமிலும் இல்லை. கம்பெனி ஐடி ஆட்களிடம் கேட்டதில், அந்த ஒரு பல்கலையின் மெயில் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. திரும்ப அனுப்பும் பட்டனை அழுத்தினேன், அதுவும் நின்றுவிட்டது. முகவரியை மாற்ற அந்தப் போர்ட்டலில் வழியில்லை. அவரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கச் சொல்கிறது. ஜிமெயில் கொடுக்கலாமா, ஐடி ஆட்கள் திறந்துவிடும்வரை காத்திருக்கலாமா? இது ஜனவரி 5 கேஸ். சார் மாலை போட்டிருக்கிறார், டிசம்பர் 18 மலைக்குப் போகிறார்.

சிவகாமி மொகப்பேர் | நவம்பர் 22, இரவு 11:00

டிசம்பர் முதல் வாரம் வரை ஐடிக்குக் கெடு வையுங்கள். அதற்கிடையில் அந்தப் பல்கலையின் சேர்க்கை அலுவலகத்துக்கு நிலைமையைச் சொல்லி ஒரு மெயில் போட்டு, ஜிமெயில் கொடுத்தால் ஏற்பீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை அவரை நீக்க வேண்டாம்.

வெர்னியர் தம்பி | நவம்பர் 29, காலை 8:15

ஜிமெயில் சரி என்று பதில் வந்தது, கடிதத்தில் அலுவலக எண்ணும் இருக்க வேண்டும் என்றார்கள். நேற்று இரவு அவரைப் புதிதாகச் சேர்த்தேன். இன்று காலை ஏழு மணிக்கு "சமர்ப்பிக்கப்பட்டது" என்று காட்டுகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியாது, உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டேன். திரெட் கேஜை எழுதினாரா என்று மட்டும் மண்டை குடைகிறது.